கிணற்றுப் பாதையும் ஒரு நன்றி மெயிலும்

வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இன்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் அல்லர். காணி கொக்குவிலில் இருக்கும். காணிக்காரி ரொரன்ரோவில், அவருடைய தங்கை லண்டனில், தாய் பக்கத்து வளவில். காசு அனுப்புகிறவர் இரண்டு கிழமை லீவில் வந்து நிற்பார். அந்த இரண்டு கிழமைக்குள் கோயில், கலியாண வீடு, செத்த வீடு எல்லாம் முடித்து, இடையில் ஒரு காலையில் என்னைக் காணிக்குக் கூப்பிடுவார். நாங்கள் ஐந்து பேர் ஒரு மாமர நிழலில் நின்று ஒரே நேரத்தில் கதைப்போம். தேத்தண்ணி வரும். எல்லாவற்றுக்கும் எல்லாரும் ஓம் என்பார்கள். பிரியும்போது ஐந்து பேர் மனத்திலும் ஐந்து வீடு இருக்கும்.

ஆகவே முதல் சந்திப்பு நடந்த அன்றிரவே ஒரு மெயில் எழுதுவேன். நன்றி சொல்லி, எதை முடிவு செய்தோம், யார் எதை எப்போது செய்து தருவது, மறுபடி எப்போது கதைப்பது என்று மட்டும் எழுதுவது. என்னைத் தொழிலுக்கு எடுத்த ஓவசியர் ஐயா இதையே வேறு விதமாகச் செய்தார். அளவெடுத்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதி, காணிக்காரரிடம் நீட்டி, "வாசிச்சுப் பாத்து, பிழை எண்டா இப்பவே சொல்லுங்கோ" என்பார். காணிக்காரர் எதிரில் நின்ற காலம் அது. இப்போது எதிரில் நிற்பவர் அடுத்த கிழமை விமானத்தில் இருப்பார். உண்மையான காணிக்காரி எதிரில் நிற்பதே இல்லை.

இந்த மெயில் எதற்கு என்று கேட்டால், பதிவுக்கு என்று சிலர் சொல்வார்கள். பின்னால் தகராறு வந்தால் எடுத்துக் காட்டலாமாம். எனக்கு அது இரண்டாம் பட்சம். யாராவது ஒருவர் "இல்லை, அப்படி இல்லை" என்று மறுத்து எழுத வேண்டும். அதுவும் நான் கோடு போடத் தொடங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மறுப்பே வராத மெயிலைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

2023 ஒக்ரோபரில் வந்த ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும். கொக்குவிலில் நாலு பரப்புக் காணி. இரண்டு பெண்களுக்கும் இரண்டிரண்டு பரப்பாகப் பிரித்துச் சீதனமாக எழுதியிருந்தார்கள். பழைய வீடு நிற்கும் பாதி தங்கைக்கு. தாய் அதில் இருக்கிறார். வெறுங்காணியும் கிணறும் உள்ள பாதி அக்காவுக்கு. அக்காவின் கணவர் ரொரன்ரோவிலிருந்து வந்திருந்தார். 14ஆம் திகதி சனிக்கிழமை காலை காணியில் சந்தித்தோம். மனிதர் தெளிவானவர். மூன்று அறை, மேல்மாடி பிறகு, வடக்கு வேலியோரமாகக் கார்க் கொட்டகை, முன்பக்கம் திண்ணை என்று மடமடவென்று சொன்னார். தை பிறந்ததும் அத்திவாரம் போட வேண்டும் என்றார். மார்கழியில் தொடங்க மாட்டார்கள். அதோடு அது மழைக்காலமும்.

கார்க் கொட்டகைக்குக் காலால் கோடு கிழித்துக் காட்டும்போது, சற்றுத் தள்ளி நின்ற மாமியார் தனக்குள் சொல்வதுபோல, "கிணத்தடிக்குப் போற பாதை அதில தானே போகுது" என்றார். மருமகன் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நான் குழாய்க்கிணறு அடிச்சுத் தாறன் மாமி" என்றார். கதை உடனே தண்ணீர்த் தாங்கியின் உயரத்துக்குப் போய்விட்டது. மாமியார் மேலே ஒன்றும் சொல்லவில்லை. நான் கொப்பியில் "பாதை?" என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு போன மெயில் இது. பெயர்களை எடுத்துவிட்டு உறவுமுறையை இட்டிருக்கிறேன். தம்பி, தங்கச்சி என்பது கணவரும் மனைவியும்; மச்சான் என்பது மனைவியின் தம்பி.

"விடயம்: கொக்குவில் வீடு – 14 ஒக்ரோபர் சந்திப்பின் முடிவுகள்

அன்புள்ள தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

இன்று காலை வெயிலுக்குள் நின்று காணியின் நாலு மூலையையும் காட்டியதற்கு நன்றி. பழைய வேலி எங்கே நின்றது என்று அம்மா சொன்னது எனக்குப் பெரிய உதவி. அவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

முடிவு செய்தவை: காணி 2 பரப்பு, அதாவது 20 பேர்ச், 5,445 சதுர அடி. கீழ்த்தளத்தில் மூன்று அறை. மேல்மாடி இப்போது இல்லை. ஆனால் அத்திவாரமும் தூணும் மேல்மாடியைத் தாங்கும்படி இருக்கும். மலக்குழி கிணற்றிலிருந்து தள்ளித் தென்மேற்கு மூலையில். கிணற்றுக்கும் அதற்கும் 50 அடிக்குக் குறையாது.

முடிவாகாதவை: வடக்கு வேலியோரம் கார்க் கொட்டகை வந்தால் கிணற்றடிப் பாதை மறிபடும். அந்தப் பாதை யாருக்கு உரியது என்று உறுதியைப் பார்த்த பிறகே கொட்டகையின் இடத்தைத் தீர்மானிக்கலாம்.

செய்ய வேண்டியவை: தம்பி – உறுதியின் எல்லாப் பக்கங்களையும், அட்டவணை உட்பட, படம் எடுத்து அனுப்புவது, 18 ஒக்ரோபர் புதன். மச்சான் – நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கற்களைக் கண்டுபிடிப்பது, 27 ஒக்ரோபர் வெள்ளி. நான் – தெற்கு, மேற்கு அயல் வளவுகளின் கிணறுகள் மலக்குழியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளப்பது, 20 ஒக்ரோபர் வெள்ளி. இரண்டு மாதிரிக் கீறல்கள், 1 நவம்பர் புதன்.

அடுத்த சந்திப்பு: 5 நவம்பர் ஞாயிறு, வீடியோவில். யாழ்ப்பாணம் மாலை 7.00, லண்டன் பிற்பகல் 1.30, ரொரன்ரோ காலை 8.30. (அன்று அதிகாலை கனடாவில் மணிக்கூடு ஒரு மணி நேரம் பின்னே போகும். 8.30 என்பது புது நேரம்.)

தங்கச்சிக்கு ஒரு கேள்வி: காணி உங்கள் பெயரில் இருப்பதால் பிரதேச சபை விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். இங்கே உங்களுக்காக யார் கையெழுத்திடுவார்?

நான் எழுதியதில் பிழை இருந்தால் 18ஆம் திகதிக்குள் சொல்லுங்கள். அதன் பிறகே கீறத் தொடங்குவேன்."

இவ்வளவுதான். போனில் விரலால் மூன்று நாலு தரம் தள்ளினால் முடிந்துவிடும். இதற்கு மேல் நீண்டால் யாரும் வாசிப்பதில்லை. வீட்டின் மதிப்பீடும் என் கட்டணமும் இதற்குள் வரவே கூடாது. நன்றி சொன்ன மெயிலில் காசுக் கணக்கைப் போட்டால், வாசிப்பவர் கண் அந்த எண்ணில் போய் நின்றுவிடும். பாதையைப் பற்றி எழுதியதைப் பார்க்காது. அதற்கு வேறொரு மெயில், வேறொரு நாள்.

நன்றி வரியைக் கவனித்திருப்பீர்கள். "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு" என்று நான் எழுதுவதில்லை. அதை எந்தச் சந்திப்புக்கும் எழுதலாம். ஆகவே யாருக்கும் எழுதியதாகாது. அன்று அவர் எதைக் கொடுத்தாரோ அதற்கு நன்றி. அம்மாவின் பெயரை அதில் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவரிடம் மெயில் இல்லை. ஆனால் மகனோ பேரப்பிள்ளையோ இதை அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். தன் பேர் வந்த கடிதத்தை ஒரு தாய் முழுவதும் கேட்பார். கேட்டால் பாதை பற்றிய வரியும் காதில் விழும். தமிழில் எழுதுவதும் அதனால்தான். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி கேட்டால் பிறகு அனுப்பலாம்.

முடிவுகளை எழுதும்போது எண்ணை எல்லா அளவையிலும் எழுதிவிடுவேன். இங்கே பரப்பு என்றால் 10 பேர்ச், 18 குழி என்று எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருபது வருடம் இருந்தவர் சதுர அடியில் நினைக்கிறார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இரண்டு பரப்பு 5,445. இதை எழுதாவிட்டால் அவர் அங்கே தன் சிநேகிதரின் எட்டாயிரம் சதுர அடி வளவை மனத்தில் வைத்துக்கொண்டு நீச்சல் குளம் கேட்பார். கேட்டிருக்கிறார்கள்.

மலக்குழி விடயம் எங்கள் மண்ணுக்கே உரியது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் குகையுமாக இருப்பதால் மேலே விட்டது வடிகட்டப்படாமலே கீழே போய்ச் சேரும். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது இங்கே பழைய கவலை. ஆகவே சொந்தக் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது. வேலிக்கு அப்பால் இருக்கும் அயல்வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். அதை மெயிலில் ஒரு வேலையாக, என் பேரில், திகதியோடு எழுதினேன். "அயல் கிணறுகளும் பார்க்கப்படும்" என்று எழுதினால் அது ஒருவராலும் பார்க்கப்படாது. செய்பவர் பேர் முதலில், செய்யும் காரியம் அடுத்தது, திகதி கடைசியில். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது.

முடிவாகாதவை என்று ஒரு பகுதி வைப்பதைப் பலர் செய்வதில்லை. கூட்டத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற திருப்தியோடு மெயில் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மெயிலின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மருமகன் உரத்துச் சொன்னதை முடிவு என்று எழுதி, மாமியார் முணுமுணுத்ததை விட்டிருந்தால், நடந்ததை நான் உண்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அதே நேரம் "பாதையை மறிக்கக் கூடாது" என்று என் அபிப்பிராயத்தை முடிவுபோல் செருகுவதும் களவுதான். தெரியாதது எது, எதைப் பார்த்தால் தெரியவரும், இரண்டையும் எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மெயிலைக் கணவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே அனுப்பினேன். என்னோடு கதைத்தவர் கணவர். காணி மனைவியின் சீதனம். தேசவழமையில் ஒரு மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றிருக்கிறது. அதனாலோ என்னவோ, கணவர்மார் பலர் காணியே தங்களுடையது என்ற எண்ணத்தில் நின்று கதைப்பார்கள். உடைமை மனைவிக்கே. விண்ணப்பத்தில் போவதும் அவருடைய பேர்.

கணவர் மறுநாள் காலையே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை நான் பதில் என்று கணக்கில் எடுப்பதில்லை. முழுவதும் வாசித்தவர் ஏதாவது ஒரு வரியைப் பற்றியாவது கதைப்பார். அதற்காகத்தான் மெயிலில் ஒரு கேள்வி எப்போதும் வைப்பது: கட்டைவிரலால் பதில் சொல்ல முடியாத கேள்வி. கையெழுத்திடப் போவது யார் என்று கேட்டதற்கு மனைவி பதில் எழுதியே ஆக வேண்டும்.

16ஆம் திகதி இரவு அவருடைய பதில் வந்தது. தன் தம்பிக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே, "பாதையைப் பற்றி அண்ணை எழுதினதைப் பாத்து அம்மாவோட கதைச்சனான். தங்கச்சியையும் இந்த மெயிலில சேத்திருக்கிறன்" என்று இரண்டு வரி. அடுத்த நாள் லண்டன் தங்கை தன் உறுதியின் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் ஊர் உறுதிகளில் வழக்கமாக வருவதுதான்: கிணற்றில் அரைப் பங்கும், கிணற்றுக்குப் போய்வர வடக்கெல்லையோடு ஆறு அடி அகலப் பாதையும் அவருக்கு உண்டு. கிணறு நிற்பது அக்காவின் காணியில், பங்கு இருவருக்கும். கணவருக்கு இது தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. அவர் தன் மனைவியின் உறுதியைத் திறந்து பார்க்கவுமில்லை. பிறகு அவர் அனுப்பிய படங்களிலும் அதே வாசகம் இருந்தது.

காணி 55 அடி அகலம், 99 அடி நீளம். ஆறு அடி போனால் 49 அடிக்குள் வீடு. அகலமான கொட்டகைக் கனவு போயிற்று. முன்பக்கம் திண்ணையை ஒட்டி ஒரு போர்ட்டிக்கோவாக அது சுருங்கியது. என் பக்கத்தில் நட்டம் எதுவும் இல்லை, ஏனென்றால் அப்போது ஒரு கோடும் போட்டிருக்கவில்லை. இதே விடயம் பிரதேச சபைக்குப் பிளான் போன பிறகோ, அதைவிட மோசமாக, கொட்டகைக்கு அத்திவாரம் வெட்டிய பிறகோ வந்திருந்தால் இரண்டு சகோதரிகளும் நொத்தாரிசையும் வழக்கறிஞரையும் தேடி அலைந்திருப்பார்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எங்கள் ஊரில் எத்தனை குடும்பங்களைப் பேச்சில்லாமல் செய்திருக்கின்றன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மாற்றம் வந்ததும் பழைய மெயிலுக்குக் கீழேயே, அதே ஆட்களுக்கு, ஒரு சிறு பதில் போட்டேன்: "கிணற்றுப் பாதை, வடக்கெல்லையோடு 6 அடி, திறந்தபடி இருக்கும். கார்க் கொட்டகை முன்பக்கம். மற்றவை 14ஆம் திகதி எழுதியபடி." பழையதைத் திருத்தி மறுபடி முழுவதும் அனுப்பக் கூடாது. அப்படிச் செய்தால் எது மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு மெயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

இதை வட்ஸ்அப் குழுவிலேயே போடலாமே என்று கேட்பார்கள். போட்டுப் பார்த்தால் தெரியும். அரை மணி நேரத்தில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படம், மாமாவின் குரல்பதிவு, நல்லூர்த் தேர் என்று மேலே ஏறிவிடும். நான் குழுவில் ஒரு வரி போடுவேன், "மெயில் போட்டிருக்கிறன், பாருங்கோ" என்று. அது மணியடிப்பது மட்டும்.

சட்டத்தில் இந்த மெயிலுக்கு என்ன பெறுமதி என்றும் சிலர் கேட்பதுண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்வழி எழுத்தை ஏற்கிறது. ஆனால் காணி விற்பனை, உரிமை மாற்றம், அற்றோர்ணித் தத்துவம் ஆகியவற்றை அது தன்னிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே தங்கை மெயிலில் "பாதை எனக்கு வேண்டாம்" என்று எழுதினாலும் பாதை அவருடையதே. நொத்தாரிசு முன் உறுதி முடித்தால்தான் அது போகும். அறை எத்தனை, குழி எங்கே என்பதற்கு மெயில் போதும். உரிமையைத் தொடும் எதையும் "முடிவு செய்தவை" என்ற தலைப்பின் கீழ் எழுதாதிருப்பது என் வழக்கம்.

கடைசியாகத் திகதி. இதில்தான் வெளிநாட்டுக்காரரோடு வேலை செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "அடுத்த ஞாயிறு" என்று எழுதினால் அது வரும் ஞாயிறா அதற்கடுத்ததா என்று இரண்டு கருத்து இருக்கும். 5/11 என்று எழுதினால் அமெரிக்க வழக்கில் பழகிய பிள்ளை மே 11 என்று வாசிக்கும். நாளும் மாதப் பெயரும் கிழமையும் சேர்த்து எழுதினால் ஒன்றில் விட்ட பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

நேரம் இன்னும் சிக்கல். இலங்கையில் மணிக்கூடு மாறுவதில்லை. மாறிய காலமும் உண்டு. 1996இல் அரசாங்கம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டில் அரை மணி பின்னே இழுத்தது; 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. வன்னியில் அந்தப் பத்தாண்டும் பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் முகமாலையைக் கடந்தவர்கள் கைமணிக்கூட்டை அரை மணி திருப்பிய கதை எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். இப்போது நாங்கள் அசையாமல் இருக்க, மற்றவர்கள் அசைகிறார்கள். லண்டன் எங்களுக்குப் பின்னால் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. ரொரன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இரண்டும் ஒரே நாளில் மாறினாலாவது பரவாயில்லை. பிரித்தானியா மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில் மாற்றுகிறது. ரொரன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும். 2023இல் லண்டன் ஒக்ரோபர் 29 அன்று மாறிவிட்டது, ரொரன்ரோ நவம்பர் 5 அன்று. நாங்கள் சந்திப்பு வைத்ததே அந்த 5ஆம் திகதி. மெயிலில் அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த ஒரு வரி இல்லாவிட்டால், பழைய கணக்கில் ரொரன்ரோக்காரர் 9.30க்கு வந்து உட்கார்ந்திருப்பார். இங்கே மாமி 7 மணிக்கே மகனின் போனுக்கு முன்னால் இருந்து ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார்.

பூரணை விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். அந்த ஒக்ரோபர் 28 சனிக்கிழமை பூரணை. நில அளவையாளருக்கு நான் 27 வெள்ளி என்று திகதி வைத்தது அதனால்தான். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் யாரையும் எதற்கும் பிடிக்க முடியாது. அந்த நாட்களில் வேலை ஒன்றை ஒருவர் பேருக்கு எழுதிவிட்டு, அது நடக்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். காணியிலிருந்து வீட்டுக்குப் போனதும், சாப்பிட உட்காருவதற்கு முன், மெயிலை எழுதி அனுப்புங்கள். அனுப்பும் முன் மேலே பெறுநர் வரியைப் பாருங்கள். உறுதியில் பேர் உள்ளவர் அதில் இல்லை என்றால், அவருடைய முகவரியைக் கேட்டு வாங்கும்வரை அனுப்பாதீர்கள்.